செத்த கோழியும் தின்ற தீவனமும்: பண்ணைக் கணக்கில் கண்ணுக்குத் தெரியாத இழப்பு

கோழிப்பண்ணைக் கடனுக்கான திட்ட அறிக்கைகளில் தவறாமல் இடம்பெறும் ஓர் எண் உண்டு. தீவன மாற்று விகிதம் என்பது அதன் பெயர். பண்ணையாளர்கள் எஃப்.சி.ஆர். என்றே சொல்வார்கள். ஒரு கிலோ உயிர் எடை கிடைப்பதற்குக் கோழிகள் எத்தனை கிலோ தீவனம் தின்றன என்பதே அதன் பொருள். அறிக்கையில் 1.6 என்று எழுதியிருப்பார்கள். நாங்களும் அதைப் பார்த்துக் கையெழுத்திடுவோம். ஆனால், கடன் தவணை நின்றுபோன பண்ணைகளுக்கு நேரில் சென்று பார்க்கும்போது, அந்த ஓர் எண் எவ்வளவு பேசுகிறது என்பது புரிகிறது. கொட்டகையின் கூரை, கூளத்தின் ஈரம், தடுப்பு மருந்து கலந்த தண்ணீர் ஆகிய அனைத்தும் இறுதியில் அந்த எண்ணில்தான் வந்து சேர்கின்றன. எப்படி என்பதை ஒரு பண்ணையின் கணக்கைக் கொண்டே விளக்க முயல்கிறோம்.

இரு தொகுதிகளின் கணக்கு

கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் 5,000 இறைச்சிக்கோழிகள் வளர்க்கும் வாடிக்கையாளர் ஒருவர். நிறுவனங்களுக்காக ஒப்பந்த முறையில் வளர்க்காமல், குஞ்சும் தீவனமும் சொந்தப் பணத்தில் வாங்கி வளர்ப்பவர். மாதத் தவணை 18,000 ரூபாய். இரண்டு மாதத் தவணைகள் நின்றதால் நாங்கள் அவரைப் பார்க்கச் சென்றோம். அவர் இரண்டு குறிப்பேடுகளை எடுத்து வைத்தார். ஒன்று ஜனவரியில் விட்ட தொகுதி. மற்றொன்று மழைக்காலமான அக்டோபரில் விட்ட தொகுதி.

“ரெண்டு தடவையும் ஒரே இடத்துக் குஞ்சு, ஒரே தீவனம் சார். இந்தத் தடவை நானூத்தம்பது கோழி செத்துப்போச்சு. நஷ்டம் அதனாலதான்,” என்றார்.

கணக்கைப் பார்ப்போம். ஜனவரித் தொகுதியில் 5,000 குஞ்சுகளில் 200 இறந்தன. விற்ற 4,800 கோழிகளின் சராசரி எடை 2 கிலோ. மொத்தம் 9,600 கிலோ. செலவான தீவனம் 50 கிலோ மூட்டைகளாக 311, அதாவது 15,550 கிலோ. தீவனத்தை எடையால் வகுத்தால் கிடைப்பது 1.62.

அக்டோபர்த் தொகுதியில் 450 இறந்தன. விற்ற 4,550 கோழிகளின் சராசரி எடை 1.9 கிலோ, மொத்தம் 8,645 கிலோ. செலவான தீவனம் 320 மூட்டை, அதாவது 16,000 கிலோ. விகிதம் 1.85.

1.62க்கும் 1.85க்கும் உள்ள இடைவெளி சிறிதாகத் தோன்றும். ஆனால், அதே 8,645 கிலோ எடையை 1.62 விகிதத்தில் பெற்றிருந்தால் ஏறத்தாழ 14,005 கிலோ தீவனமே போதுமானதாக இருந்திருக்கும். கூடுதலாகச் செலவானது 1,995 கிலோ; நாற்பது மூட்டைகள். கணக்கின் வசதிக்காகக் கிலோ 40 ரூபாய் என்று கொண்டால் 79,800 ரூபாய். அவருடைய நான்கு மாதத் தவணைகளைவிட இது அதிகம்.

அடுத்து, இந்த நாற்பது மூட்டைகளையும் யார் தின்றார்கள் என்று பார்க்க வேண்டும். ஜனவரியைவிடக் கூடுதலாக இறந்த 250 கோழிகள் பெரும்பாலும் நான்காம் வாரத்தில் இறந்தவை. அந்த வயதில் ஒரு கோழி அதுவரை ஏறத்தாழ 2 கிலோ தீவனம் தின்றிருக்கும். ஆகவே, செத்த கோழிகளோடு போனது சுமார் 500 கிலோ. மீதி 1,500 கிலோவை வீணாக்கியவை உயிரோடு இருந்த கோழிகளே. அவை தின்றன, ஆனால், தின்றதற்கு ஏற்ற எடை அவற்றில் ஏறவில்லை.

செத்த கோழியைப் பண்ணையாளர் எண்ணுகிறார். எடை ஏறாத கோழியை யாரும் எண்ணுவதில்லை. இழப்பின் முக்கால் பங்கு கண்ணில் படாமலே போவது இதனால்தான்.

கொட்டகை செய்தது என்ன?

நாங்கள் கொட்டகைக்குள் நுழைந்தபோது முதலில் தாக்கியது அம்மோனியா நெடி. கண் எரிந்தது. நின்றுகொண்டிருக்கும் மனிதருக்கே எரியுமானால், கூளத்திலிருந்து ஓர் அடி உயரத்தில் மூச்சுவிடும் கோழிக்கு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூச்சுக்குழலின் உட்புறம் புண்படும். அந்த வழியாக நோய்க்கிருமி நுழையும். கோழி தீவனத்தின் சத்தில் ஒரு பகுதியை நோயோடு போராடுவதற்கே செலவிடும்.

அவருடைய கொட்டகையின் அமைப்பில் பெரிய தவறு இல்லை. நீளவாக்கு கிழக்கு மேற்காக இருந்தது. இதனால் பக்கவாட்டில் வெயில் நேராக உள்ளே விழாது. அகலம் 28 அடி. இயற்கைக் காற்றை நம்பியிருக்கும் திறந்தவெளிக் கொட்டகையில் அகலம் 30 அடியைத் தாண்டினால் நடுவிலுள்ள கோழிகளுக்குக் காற்று போய்ச் சேராது. நீளத்தைத் தேவைக்கேற்பக் கூட்டிக்கொள்ளலாம். பக்கச் சுவர் ஒன்றரை அடி, அதற்குமேல் கம்பி வலை. பரப்பு 5,600 சதுர அடி. ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குச் சற்று அதிகமாகவே இருந்தது.

தவறு கூரையின் விளிம்பில் இருந்தது. சுவரைத் தாண்டி மூன்று முதல் நான்கு அடி வரை நீள வேண்டிய கூரை, செலவைக் குறைப்பதற்காக இரண்டடியோடு நிறுத்தப்பட்டிருந்தது. சாரல் உள்ளே அடித்தது. சாரலைத் தடுக்க அவர் படுதாக்களை இரவும் பகலும் மூடியே வைத்தார். வந்த ஈரமும் கோழிகளின் மூச்சிலும் எச்சத்திலும் சேர்ந்த ஈரமும் வெளியேற வழியின்றித் தங்கின.

கூளம் நெல் உமியாக இருந்தாலும், கடலைத் தோலாக இருந்தாலும், தென்னை நார்க்கழிவாக இருந்தாலும் சோதிக்கும் முறை ஒன்றே. ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடித்துக் கையை விரிக்க வேண்டும். உதிர்ந்துவிட்டால் ஈரம் அளவாக உள்ளது. உருண்டையாகவே நின்றால் ஈரம் மிகுந்துவிட்டது. அம்மோனியாவும் இரத்தக்கழிச்சலும் பின்தொடரும். சிறிதும் ஒட்டாமல் தூசியாகப் பறந்தால் அதுவும் மூச்சுக்கு நல்லதன்று. அன்று நாங்கள் பிடித்துப் பார்த்த கூளம் உருண்டையாக நின்றது.

படுதாவைக் கட்டும் முறையும் கவனிக்கத்தக்கது. பலர் அதை மேலே கட்டிக் கீழே தொங்கவிடுகிறார்கள். திறக்கும்போது கீழிருந்து சுருட்ட வேண்டியிருக்கும். குளிர்காற்று நேராகக் குஞ்சுகளின்மீது அடிக்கும். அதனால் திறக்கவே அஞ்சுகிறார்கள். அடிப்பக்கத்தைச் சுவரோடு பொருத்தி, மேலிருந்து கீழே இறக்கும்படி அமைத்தால், குஞ்சுகளின்மீது காற்று படாமலேயே மேலே தேங்கும் வெப்பமும் நெடியும் வெளியேறும். மழை நாளிலும் மேலே ஓரடி இடைவெளி விட்டுவைக்க இயலும்.

எழுபது லிட்டர் போதும். ஆயிரம் லிட்டர் அன்று

நான்காம் வார இறப்புக்குக் கூளம் மட்டும் காரணம் அன்று. குறிப்பேட்டில் இறப்பு எண்ணிக்கை 25ஆம் நாள் திடீரென உயர்ந்து, நான்கு நாட்களில் தணிந்திருந்தது. கோழிகள் சிறகு சிலிர்த்து ஒடுங்கி நின்றதாகவும் வெண்ணிறமாக நீர்த்துக் கழிந்ததாகவும் அவர் நினைவுகூர்ந்தார். இறந்த கோழிகளை அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், தொடைத் தசையில் இரத்தக் கசிவும் எச்சத்துளைக்கு அருகிலுள்ள பர்சா என்னும் சுரப்பியில் வீக்கமும் இருந்ததைக் குறித்திருந்தார். இவை கம்போரோ நோயின் அடையாளங்கள்.

“தடுப்பு மருந்து பதினாலாம் நாளே கொடுத்துட்டேன் சார்,” என்றார் அவர். உண்மைதான், மருந்து வாங்கிய ரசீதும் இருந்தது. கொடுத்த விதத்தைக் கேட்டபோதுதான் விவரம் வெளிவந்தது. 5,000 கோழிகளுக்கான மருந்தை அவர் 1,000 லிட்டர் மேல்நிலைத் தொட்டியில் கலந்திருந்தார். முதல் நாள் இரவுதான் அந்தத் தொட்டியில் குளோரின் மாத்திரைகள் போடப்பட்டிருந்தன.

இத்தடுப்பு மருந்து, வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள நச்சுயிரி. குளோரின் அதைக் கொன்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில் நேரம் ஆக ஆக அது தானாகவே செயலிழக்கும். ஆகவே, கலந்த தண்ணீரை எல்லாக் கோழிகளும் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குள் குடித்து முடிக்க வேண்டும். ஆயிரம் கோழிக்கு வயது எத்தனை நாளோ அத்தனை லிட்டர் தண்ணீர் என்பது பண்ணைகளில் வழங்கும் எளிய கணக்கு. 14ஆம் நாளில் ஆயிரம் கோழிக்கு 14 லிட்டர். 5,000 கோழிக்கு 70 லிட்டர். கோழிகளுக்கு முன்கூட்டியே ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தண்ணீர் தராமல் தாகப்படுத்தி, அதிகாலைக் குளிர்ச்சியில் இதைக் கொடுக்க வேண்டும். எஞ்சியிருக்கக்கூடிய குளோரினை முறிப்பதற்காக, லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால் பவுடரை முதலில் கலக்க வேண்டும். 70 லிட்டருக்கு 350 கிராம். முதல் நாளிலிருந்தே தண்ணீரில் குளோரின் சேர்ப்பதை நிறுத்திவிட வேண்டும். கடையிலிருந்து பண்ணை வரும்வரை மருந்து பனிக்கட்டியோடு 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரிலேயே இருக்க வேண்டும்.

அவருடைய தொட்டித் தண்ணீரைக் கோழிகள் மாலைவரை குடித்தன. சிலவற்றுக்கு மட்டுமே உயிருள்ள மருந்து கிட்டியது. கம்போரோ வந்தபோது பாதுகாப்பற்றவை இறந்தன. பிழைத்தவற்றின் நிலை இன்னும் முக்கியமானது. இந்நோய் தாக்கும் பர்சா சுரப்பியே கோழியின் நோய் எதிர்ப்பாற்றல் உருவாகும் இடம். அது சிதைந்தபின் அடுத்துக் கொடுக்கும் தடுப்பு மருந்துகளும் சரிவரப் பிடிப்பதில்லை. ஈரக் கூளத்திலிருந்து வரும் சாதாரணக் கிருமிகளும் எளிதில் தாக்கும். 1,500 கிலோ தீவனம் இப்படித்தான் எடையாகாமல் போயிற்று.

இறைச்சிக்கோழிகளுக்கான கால அட்டவணை சிறியது. 5 முதல் 7 நாட்களுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு மருந்து. 12 முதல் 14 நாட்களுக்குள் கம்போரோவுக்குக் குடிநீரில் மருந்து. 21ஆம் நாளையொட்டி வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா மருந்து மீண்டும் குடிநீரில். இராணிக்கெட் என்றும் வழங்கும் வெள்ளைக்கழிச்சல், நம் நாட்டில் அந்நோய் அறியப்பட்ட இமயமலை ஊரின் பெயரைத் தாங்கியது. கம்போரோ என்பதும் அமெரிக்காவில் அந்நோய் கண்டறியப்பட்ட ஊரின் பெயரே. தாய்க்கோழியிடமிருந்து வந்த எதிர்ப்பாற்றலையும் அப்பகுதியில் பரவும் நோய்களையும் பொறுத்து நாட்கள் சிறிது மாறும். அதை முடிவு செய்ய வேண்டியவர் உள்ளூர்க் கால்நடை மருத்துவர். ஏற்கெனவே நோயுற்ற கோழிகளுக்கு மருந்து கொடுத்தால் பயன் இராது, தீங்கும் நேரலாம்.

கம்போரோ நச்சுயிரி காலியான கொட்டகையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே, ஒரு தொகுதி விற்றபின் பழைய கூளத்தை முழுவதும் அகற்றி, கழுவி, கிருமிநாசினி தெளித்து, சுண்ணாம்பு அடித்து, இரண்டு வாரமாவது காலியாக விட்டபின்னரே அடுத்த குஞ்சுகளை இறக்க வேண்டும். ஆண்டுக்கு ஏழு தொகுதி எடுக்கலாம் என்ற ஆசையில் இந்த இடைவெளியைக் குறைப்பவர்கள், ஆறு தொகுதியின் வருமானத்தைக்கூட எட்டுவதில்லை.

விற்றபின் அன்று, வாரந்தோறும்

இவ்வளவையும் அந்த வாடிக்கையாளர் 40ஆம் நாள் எடை போட்டபோதுதான் அறிந்தார். அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. தீவன மாற்று விகிதத்தை வாரந்தோறும் கணக்கிட்டிருந்தால் மூன்றாம் வாரத்திலேயே எச்சரிக்கை கிடைத்திருக்கும்.

முறை எளிது. வாரத்தில் ஒரே நாளில், தீவனம் வைப்பதற்கு முன்பு, கொட்டகையின் பல பகுதிகளிலிருந்தும் நூறு கோழிகளைப் பிடித்து எடைபோட்டுச் சராசரி காண வேண்டும். ஒரே மூலையில் பிடிக்கக் கூடாது; எளிதில் அகப்படுபவை பெரும்பாலும் மெலிந்தவையாக இருக்கும். அதுவரை செலவான மொத்தத் தீவனத்தை, உயிரோடுள்ள கோழிகளின் மொத்த எடையால் வகுக்க வேண்டும். முதல் வார இறுதியில் 40 கிராம் குஞ்சு குறைந்தது 160 கிராம் ஆகியிருக்க வேண்டும். விகிதம் ஒன்றுக்குக் கீழே இருக்கும். மூன்றாம் வார இறுதியில் ஏறத்தாழ 850 கிராம் எடையும் 1.3 விகிதமும், ஐந்தாம் வார இறுதியில் 1.9 கிலோ எடையும் 1.6 விகிதமும் நல்ல பண்ணையில் எட்டக்கூடியவை.

முதல் வார எடை குறைந்தால் குஞ்சுகளுக்கான வெப்பத்தைப் பார்க்க வேண்டும். முதல் வாரம் 95 டிகிரி பாரன்ஹீட், பிறகு வாரத்துக்கு 5 டிகிரி குறைப்பது வழக்கம். குஞ்சுகள் விளக்கின் கீழே குவிந்தால் குளிர். விலகி ஓரமாக ஒதுங்கினால் சூடு. பரவலாக நின்றால் அளவு சரி. பிந்தைய வாரங்களில் எடை சரியாக இருந்தும் விகிதம் மட்டும் உயர்ந்தால், தீவனம் கோழியின் வாய்க்குப் போகாமல் தரைக்குப் போகிறது என்று பொருள். தீவனத் தட்டின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்தில் இருக்க வேண்டும். தட்டில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் நிரப்பக் கூடாது. எடையும் குறைந்து விகிதமும் உயர்ந்தால் நோய், நெடி, வெப்பம் ஆகியவற்றுள் ஒன்று உள்ளே இருக்கிறது.

முட்டைக்கோழியில் கணக்கு மாறும்

நாமக்கல் போன்ற இடங்களைப் பார்த்து முட்டைக்கோழி வளர்ப்புக்கு மாற விரும்பும் வாடிக்கையாளர்களும் எங்களிடம் வருகிறார்கள். அங்கும் தீவனமே பெருஞ்செலவு; ஆனால், அளவுகோல் வேறு. ஒரு முட்டைக்கு எத்தனை கிராம் தீவனம் என்று பார்க்க வேண்டும்.

முட்டையிடும் கோழி நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தின்னும். முட்டையிட்டாலும் இடாவிட்டாலும் தின்னும். நூறு கோழியில் 90 முட்டை கிடைத்தால் ஒரு முட்டைக்கு 122 கிராம். 75 முட்டையே கிடைத்தால் 147 கிராம். தீவனம் கிலோ 30 ரூபாய் என்று கொண்டால் முட்டைக்கு 75 காசு வேறுபாடு. 5,000 கோழிப் பண்ணையில் நாளொன்றுக்குச் சுமார் 2,800 ரூபாய்.

இங்கே எச்சரிக்கை மணி அடிக்கும் காலம் வேறு. முட்டைக்கோழி சுமார் 20ஆம் வாரத்தில்தான் வருமானம் தரத் தொடங்கும். அதுவரை ஒரு கோழி ஏறத்தாழ 7 கிலோ தீவனம் தின்றிருக்கும். 5,000 கோழிக்கு 35 டன். இச்செலவுக்கான நடைமுறை மூலதனத்தைத் திட்டத்தில் சேர்க்காமல், கொட்டகைக்கும் கூண்டுக்கும் மட்டும் கடன் கேட்பதே இத்துறையில் நாங்கள் அடிக்கடி காணும் பிழை. வளரும் பருவத்தில் தீவனத்தைச் சிக்கனம் செய்தால், கோழிகள் ஏற்றத்தாழ்வான எடையோடு முட்டையிடத் தொடங்கி, உச்ச உற்பத்தியை எட்டாமலே போய்விடும். நூறு கோழிகளை எடைபோட்டால், எண்பதாவது சராசரிக்குப் பத்து விழுக்காட்டுக்குள் முன்பின்னாக இருக்க வேண்டும்.

ஓராண்டுக்கும் மேலாக வாழ வேண்டிய கோழி என்பதால் தடுப்பு மருந்து அட்டவணையும் நீளமானது. பொரிப்பகத்திலேயே முதல் நாள் மேரக்ஸ் தடுப்பூசி போடப்பட்டதா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். இறைச்சிக்கோழிக்குக் கொடுக்கும் மருந்துகளோடு கம்போரோ மருந்தை மீண்டும் ஒருமுறை நான்காம் வாரத்தையொட்டியும், கோழி அம்மைக்கு 6 முதல் 8 வாரங்களுக்குள்ளும், வெள்ளைக்கழிச்சலுக்கு மறுமுறை 8 முதல் 10 வாரங்களுக்குள்ளும் கொடுப்பார்கள். முட்டையிடுவதற்கு முன், 16 முதல் 18 வாரங்களில், செயலிழக்கச் செய்த நச்சுயிரியால் ஆன ஊசி போடப்படும். முட்டை வந்தபின் கோழியைப் பிடித்து ஊசி போட்டால் உற்பத்தி சரியும் என்பதால் இந்தக் கெடு முக்கியமானது. கொட்டகையைப் பொறுத்தவரை காற்றோட்டத்தோடு வெளிச்சமும் கணக்கில் சேரும். வளரும் பருவத்தில் வெளிச்ச நேரத்தைக் கூட்டக் கூடாது. முட்டையிடும் பருவத்தில் குறைக்கக் கூடாது. உற்பத்தி காலத்தில் பகலும் விளக்குமாக 16 மணி நேரம் வழக்கம்.

மீண்டும் கோலாருக்கு

அந்த வாடிக்கையாளர் கூரை விளிம்பை இரண்டடி நீட்டினார். படுதாக்களை மாற்றிக் கட்டினார். மருந்துக்கென்று தனியாக ஒரு சிறு தொட்டி வைத்தார். கதவில் ஓர் அட்டை தொங்குகிறது. அதில் நாள்தோறும் இறப்பும் தீவன மூட்டைகளும், வாரந்தோறும் எடையும் விகிதமும், மருந்து கொடுத்த நாளும் மருந்துப் புட்டியின் தொகுதி எண்ணும் எழுதப்படுகின்றன. கோழிகளுக்குக் காப்பீடு செய்திருப்போர் இழப்பீடு கோரும்போது பொதுவாகக் கேட்கப்படுவதும் இத்தகைய பதிவுகளே.

அடுத்த ஆண்டு அக்டோபர்த் தொகுதியின் விகிதம் 1.70. ஜனவரியின் 1.62ஐ அது எட்டவில்லை. மழைக்காலம் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். அதைத் திட்டத்திலேயே ஒதுக்கிவைப்பதுதான் முறை. ஆனால், 1.85க்கும் 1.70க்கும் இடைப்பட்ட தீவனத்தைக் கணக்கிட்டால் அந்த ஒரே தொகுதியில் இருபத்தைந்து மூட்டைகளுக்குமேல் மிச்சம். நின்றிருந்த தவணைகள் அதிலிருந்தே கட்டப்பட்டன.